பெட்டிக்குச் சாயமா, வெற்று அலுமினியமா? கதிர்வீச்சைக் கணக்கில் சேர்க்க மூன்று வழிகள்

விசிறி இல்லாத ஓர் அலுமினியப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உயரம் 30 செ.மீ., அகலம் 20, ஆழம் 8. ஆறு பக்கமும் சேர்த்தால் பரப்பு சரியாக 0.20 சதுர மீட்டர். உள்ளே ஒரு பவர் சப்ளையும் கண்ட்ரோல் போர்டும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 40 வாட் வெப்பத்தை வெளிவிடுகின்றன. இடம் பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறைப் பக்கம் உள்ள ஒரு தொழிற்கூடம். ஏர்கான் கிடையாது, காற்று 32 °C. பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் தாங்கிகளில் தள்ளி மாட்டுகிறோம், அதனால் எல்லாப் பக்கமும் வெப்பத்தை விடலாம். எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: பெட்டியை வெற்று அலுமினியமாகவே விடலாமா, சாயம் பூசக் கொடுக்கலாமா?

இந்த முடிவுக்குள் இன்னொரு முடிவு இருக்கிறது. கதிர்வீச்சை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. நான்காம் படிச் சமன்பாட்டை அப்படியே தீர்க்கலாம். அதைக் கதிர்வீச்சு வெப்பமாற்றுக் கெழுவாக மாற்றி, காற்று கொண்டுபோகும் பங்கோடு கூட்டி ஒரே வெப்பத்தடையாக எழுதலாம். அல்லது கைநூலில் கிடைக்கும் ‘இரண்டும் சேர்ந்த’ கெழுவை, பெரும்பாலும் 10 என்ற எண்ணை, அப்படியே போட்டுவிடலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சாயக் கேள்விக்கான பதிலே மாறிப்போகும்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். காற்று எடுத்துச்செல்லும் வெப்பம், பெட்டிக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை ஒரு கெழுவால் பெருக்கி எழுதக்கூடியது. அதனால் அதை ஒரு தடையாக எழுதி, உள்ளே இருக்கும் மற்றத் தடைகளோடு மின்சுற்றில் செய்வதுபோல் கூட்டலாம். கதிர்வீச்சு அப்படி இல்லை. அது கெல்வின் வெப்பநிலைகளின் நான்காம் படிகளுடைய வேறுபாட்டைப் பொறுத்தது. ஆனால் நான்காம் படி வேறுபாட்டை இடைநிலைப் பள்ளி இயற்கணிதத்திலேயே பிரிக்கலாம். அப்படிப் பிரித்தால் ஒரு காரணி வெறும் வெப்பநிலை வேறுபாடாக வந்து நிற்கும். மீதியை எல்லாம் ஒரு கெழு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்:

```
q   = ε σ (Ts⁴ − Tsur⁴) = h_r (Ts − Tsur)
h_r = ε σ (Ts + Tsur)(Ts² + Tsur²)
R   = 1 / [(h_c + h_r) A]
```

இதில் Ts பெட்டியின் மேற்பரப்பு, Tsur அதைச் சுற்றித் தெரியும் சுவர், கூரை, தரை ஆகியவற்றின் வெப்பநிலை. இரண்டும் கெல்வினில் இருக்க வேண்டும். h_c காற்றின் பங்குக்கான கெழு, A பரப்பு. ε உமிழ்திறன், அதாவது ஒரு பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீசுகிறது என்பதைச் சொல்லும் எண். σ என்ற மாறிலி 5.67×10⁻⁸. பெட்டி சிறியது, அறை பெரியது என்றால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். அப்போது சுவரின் உமிழ்திறன் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இன்னொரு தகட்டுக்கு நேர் எதிரே, நெருக்கமாக மாட்டினால் இரண்டு தகடுகளின் உமிழ்திறனும் உள்ளே வரும்.

இதுவரை எந்தத் தோராயமும் செய்யவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலே உள்ள h_r துல்லியமானது. ஒரே சங்கடம், அதற்குள்ளேயே நாம் தேடும் Ts ஒளிந்திருக்கிறது. ஆகவே ஒரு Ts-ஐ ஊகித்து, h_r கண்டு, புதிய Ts பெற்று, மறுபடி அதையே செய்ய வேண்டும்.

நம் பெட்டிக்குச் செய்து பார்ப்போம். சாயம் பூசிய பரப்புக்கு ε 0.9. காற்றின் பங்குக்கு, செங்குத்துப் பரப்பில் தானாக எழும் காற்றோட்டத்துக்கான எளிய சூத்திரம் போதும்: h_c = 1.42 (ΔT/L)^0.25, இங்கே L 0.3 மீட்டர். மேல் கீழ் பக்கங்களுக்கு இது சரியாகப் பொருந்தாது. ஆனால் அவை மொத்தப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு, எனவே ஆறு பக்கத்துக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி 45 °C இருக்கும் என்று ஊகித்தால் h_c 3.6, h_r 6.2 வருகின்றன. இரண்டையும் கூட்டி 0.20-ஆல் பெருக்கி 40 வாட்டை வகுத்தால், காற்றைவிட 20.4 டிகிரி அதிகம், அதாவது 52.4 °C. இதை மறுபடி உள்ளே போட்டால் 51.1. மூன்றாம் முறை 51.3. அவ்வளவுதான், இனி நகராது. நான்காம் படிச் சமன்பாட்டை எக்செலில் `Goal Seek` வைத்து நேராகத் தீர்த்தாலும் அதே 51.3 வரும், வராமல் இருக்க வழியில்லை, இரண்டும் ஒரே சமன்பாடு.

அப்படியானால் நேராகத் தீர்ப்பதை விட்டுவிட்டு h_r-ஐ ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது, பங்கு கண்ணுக்குத் தெரிகிறது. முடிவில் h_c 4.0, h_r 6.37. விசிறி இல்லாத இந்தப் பெட்டியில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெப்பம் கதிர்வீச்சாகப் போகிறது. காற்றோட்டத்துக்காகப் பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் நேரத்தில் மேற்பரப்பைக் கவனிப்பது நல்லது என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். இரண்டாவது, தடை 0.48 K/W என்று ஒற்றை எண்ணாகக் கிடைத்துவிட்டது. பாகத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேட் 0.25 K/W என்றால் இரண்டையும் கூட்டி 0.73, அதை 40-ஆல் பெருக்கினால் 29 டிகிரி, பாகத்தின் அடிப்பகுதி 61 °C. பேட்டை மாற்றினால் என்ன ஆகும், பெட்டியைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நான்காம் படியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஒவ்வொரு தடவையும் கணினியைத் திறக்க வேண்டும்.

இப்போது அதே பெட்டி, சாயம் இல்லாமல். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் அலுமினியத் தகட்டின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.1. அதே சுற்றுகளைப் போட்டால் h_c 4.7-க்கு ஏறுகிறது, ஏனெனில் பெட்டி சூடாகும்போது காற்று வேகமாக எழுகிறது. h_r வெறும் 0.8. மேற்பரப்பு 68 °C-இல் நிற்கிறது. சாயம் ஒன்றே 17 டிகிரியைக் குறைக்கிறது. விசிறியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

மூன்றாம் வழிக்காரர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். கைநூலின் 10 என்ற எண்ணைப் போட்டால் 40 ÷ (10 × 0.20) = 20 டிகிரி, அதாவது 52 °C. சாயம் பூசிய பெட்டிக்கு அழகாகப் பொருந்துகிறது, ஒரு டிகிரிகூடத் தவறவில்லை. அதே எண்ணை வெற்றுப் பெட்டிக்குப் போட்டாலும் 52 தான் வரும், உண்மை 68. அந்த 10-க்குள் பாதிக்கு மேல் உமிழ்திறன் 0.9-க்கு அருகில் உள்ள பரப்பின் கதிர்வீச்சு ஒளிந்திருக்கிறது என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. சாயமா வெற்றா என்ற கேள்விக்கே இந்த வழியில் பதில் கிடையாது. இரண்டுக்கும் ஒரே விடை சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? சாயம் பூசிய, துணி போர்த்திய, மரத்தாலான பரப்புகளுக்கு, அறை வெப்பநிலைக்கு அருகில், முதல் மதிப்பீடாக மட்டும் 10-ஐ வைத்துக்கொள்ளலாம்.

சாயத்தின் நிறம் பற்றி ஒரு சிறு விலகல். பணிமனையில் யாராவது ஓர் இளைஞர் கட்டாயம் கேட்பார்: “அண்ணே, கறுப்பு அடிச்சா சூட்டை இழுக்காதா?” வெயில் படாத இடத்தில் இழுக்காது தம்பி. 50 °C-இல் இருக்கும் பெட்டி வெளிவிடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் சாதாரண வெள்ளைச் சாயமும் ஏறத்தாழ கறுப்புதான், இரண்டுக்கும் உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டியே இருக்கும். வெயில் படும் இடமானால் வெள்ளை நல்லது. பளபளக்கும் அலுமினியத் துகள் கலந்த வெள்ளிச் சாயம்தான் விதிவிலக்கு. அது உமிழ்திறனைப் பெரிதும் குறைத்துவிடும்.

சுற்றுகளே வேண்டாம், ஒரே தடவையில் h_r வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 4εσTm³, இதில் Tm இரண்டு வெப்பநிலைகளின் சராசரி. இது எவ்வளவு தவறும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். உண்மையான h_r இதைவிட (d/Tm)² என்ற பின்னம் அளவுக்கு அதிகம். இதில் d என்பது வெப்பநிலை வேறுபாட்டில் பாதி. நம் பெட்டியில் d 10-க்கும் குறைவு, Tm 315, ஆகவே பிழை ஆயிரத்தில் ஒன்று. 300 K சுவர்களுக்கு நடுவே 400 K குழாய் இருந்தாலும் 2 விழுக்காடுதான். உமிழ்திறனையே நாம் அவ்வளவு நுணுக்கமாக அறிந்திருப்பதில்லை, எனவே அதற்கு மேல் துல்லியம் தேடிப் பயனில்லை. ஆனால் Tm-க்குப் பதில் சுற்றுப்புற வெப்பநிலையைப் போட்டுவிடாதீர்கள். அந்த 400 K குழாய்க்கு அப்படிச் செய்தால் h_r 38 விழுக்காடு குறைந்துபோகும்.

இதுவரை காற்றும் சுவரும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். நம் ஊர் தொழிற்கூடத்தில் அது உண்மையா? மதியம் இரண்டு மணிக்குப் பழைய, துரு ஏறிய தகரக் கூரைக்குக் கீழே நின்றால் தலை உச்சியில் சூடு தெரியும். கூரையின் அடிப்பக்கம் 60 °C என்று வைத்துக்கொள்வோம். காற்று இன்னும் 32 தான், ஏனெனில் பக்கங்கள் திறந்தவெளி. நம் பெட்டியையும் சுவரிலிருந்து எடுத்து, உத்தரத்தில் கூரையை ஒட்டித் தொங்கவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் பார்வையில் பாதி கூரை, பாதி குளிர்ந்த தரையும் சுவரும்.

இங்கே ஒரே தடை என்ற எண்ணம் உடைகிறது. h_c இழுப்பது 32-ஐ நோக்கி, h_r இழுப்பது வேறொரு வெப்பநிலையை நோக்கி. இரண்டு தடைகளும் ஒரே முனையில் சேராதபோது அவற்றைப் பக்க இணைப்பாகக் கூட்ட முடியாது. நான் பார்த்த கணக்குத் தாள்களில் அதிகமாகக் காணும் பிழை இதுதான். சூத்திரம் சரி, சுற்றுகள் சரி, ஆனால் Tsur இருக்க வேண்டிய இடத்தில் காற்றின் வெப்பநிலை உட்கார்ந்திருக்கும்.

மீள வழி இருக்கிறது. முதலில் பெட்டி பார்க்கும் சுற்றுப்புறத்தின் சராசரியை எடுக்க வேண்டும், அதையும் நான்காம் படியில். பாதி 333 K, பாதி 305 K என்றால் 320 K வருகிறது, அதாவது 47 °C. பிறகு காற்றையும் சுற்றுப்புறத்தையும் அவற்றின் கெழுக்களால் எடையிட்டு ஒரு சமான வெப்பநிலை காண வேண்டும்:

```
Teq = (h_c·Tair + h_r·Tsur) / (h_c + h_r)
Ts  = Teq + Q / [(h_c + h_r) A]
```

இப்போது ஒரே தடை திரும்பக் கிடைத்துவிட்டது. மாறியது மறுமுனை மட்டும்: அது காற்றோடு முடியாமல் Teq-இல் முடிகிறது.

சாயம் பூசிய பெட்டிக்கு h_c 4.4, h_r 7.1, சமான வெப்பநிலை 41 °C, பெட்டி 59 °C. முன்பு போட்ட 51-ஐ நம்பி வடிவமைத்திருந்தால் மதியம் ஒவ்வொரு நாளும் ஏழெட்டு டிகிரி கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கும். வெற்றுப் பெட்டிக்குக் கூரை ஏறக்குறைய கண்ணில் படவே இல்லை. சமான வெப்பநிலை 34 தான், ஆனால் வெப்பத்தை விடும் வழி குறுகலாக இருப்பதால் 70 °C வரை போகிறது. 40 வாட்டுக்குச் சாயம்தான் வெல்கிறது, ஆனால் 17 டிகிரியாக இருந்த இடைவெளி 11 ஆகச் சுருங்கிவிட்டது.

வாட்டைக் குறைத்துப் பாருங்கள், கதை திரும்பும். உள்ளே 5 வாட் மட்டுமே உள்ள ஒரு சென்சார் பெட்டி, அதே அளவு, அதே கூரை. சாயம் பூசினால் 44 °C, வெற்றாக விட்டால் 41. சாயம் பூசிய பெட்டி தான் பார்க்கும் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது, ஆகவே கதிர்வீச்சு உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. உமிழ்திறன் இரு பக்கமும் திறக்கும் கதவு. 10 வாட்டை ஒட்டி இரண்டு பெட்டிகளும் 46 °C-க்கு அருகில், ஒரு டிகிரி வித்தியாசத்தில் நிற்கின்றன. அதற்குச் சற்று மேலே போனால் சாயம், கீழே வந்தால் வெற்று அலுமினியம். இந்த எல்லை, கூரை எவ்வளவு சூடு, பெட்டியின் பார்வையில் அது எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்து நகரும். ஆனால் இப்படி ஓர் எல்லை இருக்கிறது என்பதையே h_c-யும் h_r-ம் தனித்தனியாகக் கையில் இருந்தால்தான் காரணத்தோடு காண முடியும். கைநூலின் 10 இதைச் சொல்லாது. நான்காம் படி சொல்லும், ஆனால் காரணத்தை விளக்காது.

சரி, அப்படியானால் h_r-ஐ எல்லா இடத்திலும் பயன்படுத்தலாமா? வெப்பநிலை உயர்ந்தால் இந்தச் சுற்று முறை வேறொரு விதத்தில் காலை வாருகிறது. குளிர்ந்த சுவருள்ள வெற்றிடச் சூளைக்குள் இருக்கும் ஹீட்டர் தகடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றின் பங்கு புறக்கணிக்கத்தக்கது, சுவர் 300 K, தரப்பட்ட வாட்டுக்கு உண்மையான விடை 900 K. ஊகத்தை 850 என்று தொடங்குகிறோம், நெருக்கமான ஊகம்தான். முதல் சுற்று 993 தருகிறது. அடுத்தது 765. அதற்கடுத்தது 1201. விடையைத் தாண்டித் தாண்டிக் குதித்து, ஒவ்வொரு முறையும் இன்னும் தூரமாகப் போகிறது. காரணம் எளிது: ஊகம் கொஞ்சம் அதிகமானால் h_r மூன்றாம் படியில் பெருகுகிறது, அதனால் அடுத்த விடை அளவுக்கு மீறிக் குறைகிறது. வாட் தரப்பட்டு வெப்பநிலை தேடும் கணக்கில், கதிர்வீச்சு மட்டும் இருந்தால், Ts/Tsur விகிதம் ஏறத்தாழ 1.84-ஐத் தாண்டும்போது இது தொடங்கும். 305 K சுற்றுப்புறத்துக்கு அது 290 °C-க்குச் சற்றுக் கீழே. நம் பெட்டியில் விகிதம் 1.06 தான், அதனால்தான் மூன்றே சுற்றில் அடங்கியது.

எண்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் போய், இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தால் சூத்திரத்தில் தவறு தேட வேண்டாம், முறையைத்தான் மாற்ற வேண்டும். பழைய விடையையும் புதிய விடையையும் சராசரி எடுத்து அடுத்த ஊகமாக வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைவிட நல்லது, தற்போதைய ஊகமான T* என்ற புள்ளியில் தொடுகோடு வரைவது: Ts⁴-ஐ T*⁴ + 4T*³(Ts − T*) என்று எழுதுவது. இதன் சரிவு 4εσT*³, h_r-ஐவிடச் செங்குத்தானது, அதனால் தாண்டித் தாண்டிக் குதிக்காது. இது நியூட்டன் முறையேதான். வெப்பக் கணிப்பு மென்பொருள்களிலும் நான்காம் படியை இப்படிப் பிரித்துப் போடும் வழக்கம் உண்டு. ஒற்றைத் தகடு என்றால் இந்தச் சூட்டில் நான் h_r-ஐயே விட்டுவிட்டு நேராக நான்காம் படியைத் தீர்த்துவிடுவேன். அங்கே காற்றின் பங்கு சிறியது, கூட்டிச் சேர்க்க எதுவும் இல்லை.

பெட்டியில் துடுப்புகள் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். (h_c + h_r)-ஐத் துடுப்புகளின் மொத்தப் பரப்பால் பெருக்கிவிடக் கூடாது. அருகருகே நிற்கும் துடுப்புகள் பெரும்பாலும் ஒன்றையொன்றுதான் பார்க்கின்றன; ஒன்று விடுவதை மற்றது வாங்கிக்கொள்கிறது. காற்றுக்கு முழுப் பரப்பையும், கதிர்வீச்சுக்குத் துடுப்புகளைச் சுற்றி ஒரு தாளைப் போர்த்தினால் வரும் வெளிப்பரப்பையும் வைத்து, h_c·A₁ + h_r·A₂ என்று தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். துடுப்பு நெருக்கமாக உள்ள பெட்டிக்குச் சாயம் பூசி, எதிர்பார்த்த அளவு குளிரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

கணக்கைச் சரிபார்க்கப் போகும்போது பலர் அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் எடுப்பார்கள். அந்தக் கருவி பெரும்பாலும் உமிழ்திறன் 0.95 என்று வைத்தே வரும். 68 °C-இல் இருக்கும் வெற்று அலுமினியத்தை அதில் குறிபார்த்தால், பெட்டியின் சூட்டை விட்டுவிட்டுத் தகட்டில் பிரதிபலிக்கும் சுவரின் சூட்டைத்தான் காட்டும். முப்பதுகளில் ஏதோ ஓர் எண் வரும். வெற்றுப் பெட்டி சாயம் பூசியதைவிடக் குளிர்ச்சி என்று முடிவு கட்டிவிடலாம், கையை வைத்துப் பார்க்கும் வரை. பெட்டியின் பக்கத்தில் ஒரு விரல் நீளம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, அதுவும் சூடாகச் சில நிமிடம் விட்டு, அந்த டேப்பைக் குறிபார்த்து அளக்க வேண்டும். அளக்கும் இடம் முழுதும் டேப்புக்குள் அடங்கும்படி கருவியை அருகில் கொண்டுபோக வேண்டும். தெர்மோகப்பிள் இருந்தால் அதை ஒட்டிவிட்டு, இந்தத் தொல்லையே இல்லாமல் 40 வாட்டிலும் 5 வாட்டிலும், காலையிலும் மதியத்திலும் அளந்து பார்க்கலாம். காலைக்கும் மதியத்துக்கும் காற்றைவிடக் கூடுதலாக ஏறும் டிகிரி மாறினால், Tsur காற்றின் வெப்பநிலையில் இல்லை என்று அர்த்தம்.